எடுக்கவில்லை, எடுக்கமாட்டார்

நீதிமன்றத்தின் இரண்டாம் மாடியில் எல்லோரும் அவளைக் கமா அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு தீர்ப்பில் கமா ஒன்று இடம் மாறி உட்கார்ந்து, அண்ணனுக்குப் போகவேண்டிய பாதையைத் தம்பிக்குக் கொடுத்திருந்ததை, நீதிபதி கையெழுத்துப் போடும் கடைசி நிமிடத்தில் அவள்தான் பிடித்தாள். அன்றிலிருந்து அந்தப் பெயர். கேலியாக வைத்ததுதான், ஆனால் அவள் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டாள்.

சந்தேகப்படுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பால் பாக்கெட்டில் அச்சடித்த தேதியை நம்பமாட்டாள், முகர்ந்து பார்ப்பாள். புருஷன் போனில் "இதோ வந்துட்டே இருக்கேன்" என்றால், பின்னால் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பாள். மகள் காய்ச்சல் என்று படுத்தால் முதலில் தெர்மாமீட்டர், பிறகுதான் பாசம். "என் கண்ணுல மண்ணைத் தூவ முடியாது" என்பது அவள் நாளைக்கு நான்கு முறை சொல்லும் வாக்கியம். இருபது வருடமாக நீதிபதியின் மேசைக்குக் கீழே, இடது பக்கம் உட்கார்ந்து, சாட்சிகள் சொல்வதையெல்லாம் தட்டச்சு செய்தவளுக்கு மனிதர்கள் மேல் அவ்வளவு மரியாதை மிஞ்சாதது ஆச்சரியமில்லை.

அந்த லென்ஸ் வழக்கு அவள் கோர்ட்டுக்கு வந்தபோது, முதல் நாளே அவளுக்கு வாயில் மிட்டாய் போட்டது போல இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவன் கேமரா பழுது பார்க்கும் மெக்கானிக். வாடிக்கையாளர் ஒருவர் சரிபார்க்கக் கொடுத்த விலை உயர்ந்த லென்ஸ், கடை அலமாரியிலிருந்து காணாமல் போயிருந்தது. அலமாரிச் சாவி இரண்டு பேரிடம் மட்டும் இருந்தது: முதலாளியிடம் ஒன்று, மெக்கானிக்கிடம் ஒன்று. லென்ஸ் கடைசிவரை அகப்படவில்லை.

கூண்டில் ஏறி நின்றவனைப் பார்த்ததுமே கமா அக்கா அடையாளம் கண்டுகொண்டாள். கட்டைவிரலைக் கைக்குள் மடக்கி மறைத்துக்கொண்டு நிற்கும் அந்த நிற்பு! எட்டு வருடத்துக்கு முன், பழைய கட்டடத்தில், செல்போன் கடை ஒன்றில் திருடியதற்காக ஆறு மாதம் தண்டனை பெற்றவன் இதே ஆள். அந்தத் தீர்ப்பைத் தட்டச்சு செய்ததும் இவள்தான். அப்போது இருந்த நீதிபதி ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது இருப்பவர் இந்த வருடம்தான் மாற்றலாகி வந்தவர். அவருக்கு ஒன்றும் தெரியாது.

தெரியக்கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும். இருபது வருடத்தில் சட்டம் படிக்காமலே பாதிச் சட்டம் காதில் ஏறியிருந்தது. ஒருவன் முன்பு திருடினான் என்பதை வைத்து இப்போதும் திருடினான் என்று சொல்ல அரசுத் தரப்புக்கு வழியில்லை. அந்தப் பழைய கதையை அவர்கள் வாயே திறக்கக்கூடாது. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு ஒரு சலுகை உண்டு. "நான் நல்ல நடத்தை உள்ளவன்" என்று அவன் சாட்சி வைத்துக்கொள்ளலாம். வைத்தால் மட்டும், அதற்குப் பதிலாக அரசுத் தரப்பு "அப்படியா? இதோ பாருங்கள்" என்று பழைய தண்டனையை எடுத்து நீட்டலாம். கதவு உள்ளே இருந்துதான் திறக்கவேண்டும், வெளியே இருந்து தட்டித் திறக்க முடியாது.

சிவில் பக்கம் இந்தச் சலுகைகூடக் கிடையாது. அங்கே நான்கு வருடம் இருந்தபோது பார்த்திருக்கிறாள். சுவர்த் தகராறுக்கு வந்த ஒரு அம்மாள், பக்கத்து வீட்டுக்காரன் தன் அண்ணனை அடித்தவன், வாய் திறந்தால் பொய் என்று ஆரம்பிக்க, நீதிபதி கையை உயர்த்தி, "அம்மா, அவர் சாமியா பேயான்னு எனக்கு வேண்டாம், சுவர் எங்கே இருக்கு?" என்றார். அந்த அம்மாள் வீட்டிலிருந்தே ஒத்திகை பார்த்து வந்த அரைமணி நேரப் பேச்சு அப்படியே வயிற்றுக்குள் போயிற்று. மானநஷ்ட வழக்கு மாதிரி, ஒருவருடைய பெயரே வழக்காக இருந்தால்தான் அங்கே பெயரைப் பற்றிப் பேச இடம்.

இதெல்லாம் கமா அக்காவுக்கு எப்போதுமே கொஞ்சம் கோபத்தை வரவழைக்கும் விஷயம். பழைய திருடனைத் திருடன் என்று சொல்லக்கூடாதாம், இது என்ன நியாயம்? ஆள் யார் என்று தெரிந்தால்தானே விஷயம் என்னவென்று தெரியும்? எல்லாம் தெரிந்த அவள், ஒன்றும் தெரியாத நீதிபதியின் காலடியில் உட்கார்ந்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

மெக்கானிக் தரப்புக்கு ஒரே ஒரு சாட்சிதான். அதே கடையில் பக்கத்து மேசையில் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். சம்பவம் நடந்த நாள் சாயங்காலம் ஷட்டர் இறக்கும்வரை இருந்தவர். வயதானவர், புதிதாகப் பல்செட் கட்டியிருந்தார். அது அவருக்கு இன்னும் பழகவில்லை. வாக்கியத்தின் பாதியில் பல்செட் கழன்று கொள்ளும், உடனே வாயைப் பொத்தி நாக்கால் தள்ளி மாட்டுவார். மிச்ச வார்த்தை உள்ளேயே போய்விடும்.

மெக்கானிக்கின் வக்கீலம்மா சின்ன வயது, ஆனால் கெட்டி. கேள்விகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தாள்.

"அன்னைக்கு எத்தனை மணி வரைக்கும் கடையில இருந்தீங்க?"

"எட்டு வரைக்கும்ங்க. ஷட்டர் போட்டுட்டுதான் போனேன்."

"மெக்கானிக் அந்த அலமாரியைத் திறந்ததைப் பார்த்தீங்களா?"

"பார்க்கலைங்க. அவர் திறக்கலைங்க."

சாட்சி பேச்சு மொழியில் சொல்வார், கமா அக்கா எழுத்து மொழியில் அடிப்பாள். பார்க்கலை என்றால் பார்க்கவில்லை. திறக்கலை என்றால் திறக்கவில்லை. அதுதான் வழக்கம். விரல்கள் தானாக ஓடும். நீதிபதி அப்போது கடையின் வரைபடத்தை விரித்து வைத்து, அலமாரி எந்தச் சுவரில் இருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேலே மின்விசிறி கடகடவென்று அடித்துக்கொண்டது.

"கடை மூடுறதுக்குள்ள அவர் அங்கேயிருந்து ஏதாவது எடுத்தாரா?"

"இல்லீங்க. அவர் எடுக்க..."

பல்செட் கழன்றது. கை வாய்க்குப் போனது. கமா அக்காவின் விரல்கள் நிற்கவில்லை.

அடுத்த நொடி அரசு வக்கீல் எழுந்து நின்றார். அவர் பக்கத்திலும் ஒரு திரை உண்டு, அவள் அடிப்பது அப்படியே அங்கே தெரியும். "ஐயா, சாட்சி சொன்னதைக் கவனிக்கணும். 'இல்லை. அவர் எடுக்கமாட்டார்.' அவங்க வக்கீல் கேட்ட கேள்விக்கு அவங்க சாட்சி சொன்ன பதில். எடுக்கவில்லைன்னு சொல்லலை, எடுக்கமாட்டார்னு சொல்லியிருக்கார். இது நடத்தைக்குச் சாட்சியம். நல்லவர்னு அவங்களே சொல்லிட்டாங்க. அதுக்குப் பதில் எங்ககிட்ட இருக்கு. ஒரு..."

"நிறுத்துங்க," என்றார் நீதிபதி. "உங்ககிட்ட என்ன இருக்குன்னு இப்பச் சொல்லவேண்டாம். முதல்ல கதவு திறந்திருக்கான்னு பார்ப்போம்."

வக்கீலம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயா, சாட்சி 'எடுக்கலை'ன்னுதான் சொன்னார். நான் பக்கத்துல நின்னேன்."

"திரையில வேற மாதிரி இருக்கே அம்மா," என்றார் அரசு வக்கீல், ரொம்ப இனிமையாக.

நீதிபதி சாட்சிப் பக்கம் திரும்பினார். "பெரியவரே, நீங்க என்ன சொன்னீங்க? எடுக்கலைன்னா, எடுக்க மாட்டார்னா?"

கடிகாரக்காரர் விழித்தார். "ரெண்டும் ஒண்ணுதானுங்களே ஐயா?"

கோர்ட்டில் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது.

"உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ரெண்டு. எடுக்கலைன்னா அன்னைக்கு நடந்ததைச் சொல்றீங்க. எடுக்க மாட்டார்னா அவர் எப்படிப்பட்ட ஆள்னு சொல்றீங்க. வாயில வந்தது எது?"

பெரியவர் யோசித்தார், பல்செட்டை நாக்கால் ஒருமுறை சரிபார்த்தார். "சத்தியமா நினைப்பில்லீங்க ஐயா. பல்லு மேல கவனம் போயிடுச்சு."

"மறுபடி கேட்டா இப்ப உஷாராகிப் பதில் சொல்வார் ஐயா," என்று அரசு வக்கீல் குறுக்கிட்டார். "சொன்ன நேரத்துல சொன்னதுதான் கணக்கு. அதைக் கேட்டது டைப்பிஸ்ட் அம்மா."

எல்லாத் தலைகளும் இடது பக்கம் கீழே திரும்பின. இருபது வருடத்தில் அந்த நாற்காலியை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மதியம் ரெண்டரைக்கு உங்களைக் கேட்கிறேன் அம்மா. அந்தப் பக்கத்தை அப்படியே வையுங்க. யாரும் தொடக்கூடாது."

சாப்பாட்டு இடைவேளையில் பெஞ்ச் கிளார்க் அவள் மேசையருகே வந்து குனிந்தான். அவனுக்கு வாய் எப்போதும் யாருடைய காதிலோ இருக்கும். "அக்கா, திரையில இருக்கறதுதான் கேட்டேன்னு சொல்லிட்டுப் போயிடுங்க. கேட்டதை அடிச்சீங்க, கதை முடிஞ்சுது. மாத்திச் சொன்னீங்க, அப்புறம் எதுக்கு மாத்தினீங்கன்னு கேள்வி வரும். அந்தப் பக்கம் யார் உங்களைப் பார்த்தாங்கன்னு கேள்வி வரும்."

"யார்டா என்னைப் பார்த்தாங்க?"

"நான் கேட்கலை அக்கா. கேட்பாங்கன்னு சொல்றேன்." சொல்லிவிட்டு அவன் பார்த்த பார்வையில், அவனே கேட்டுவிட்டது தெரிந்தது.

தண்ணீர் பிடிக்க வராந்தாவுக்குப் போனபோது, அங்கே பெஞ்சில் மெக்கானிக்கின் மனைவி சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண். கல்யாணமாகி நான்கைந்து வருடம் இருக்கும். கமா அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், என்ன பேசுவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்குமா, தெரிந்தே கட்டிக்கொண்டாளா என்று கமா அக்காவின் மூளை வழக்கப்படி குடைய ஆரம்பித்தது.

குழாயடியில் அரசு வக்கீல் கை கழுவிக்கொண்டிருந்தார். "போன வாரம் ஒரு பழைய தீர்ப்பு நகல் வாங்கினேன் அம்மா," என்றார், யாரிடமோ சொல்வது போல. "எட்டு வருஷத்துத் தீர்ப்பு. எவ்வளவு சுத்தமான டைப்பிங்! கடைசிப் பக்கத்துல கீழே உங்க இனிஷியல்." கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "உங்களுக்கு ஆள் யாருன்னு தெரியும். நான் ஒண்ணும் சொல்லலை."

அவர் போன பிறகும் அவள் குழாயை மூடாமல் நின்றாள். டம்ளர் நிரம்பிக் கைமேல் வழிந்தது. அவள்மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்து ஒருவர் பேசியது அவளுக்குப் பெருமையாக இருந்திருக்கவேண்டும். ஆனால் இல்லை. என்னை எதற்காக இந்த ஆள் தன் பக்கம் சேர்த்துக்கொள்கிறான்?

மேசைக்குத் திரும்பி, அந்தப் பக்கத்தைத் தொடாமல், கையைக் கட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தாள். பார்க்கவில்லை. திறக்கவில்லை. தொடவில்லை. வெளியே போகவில்லை. யாரும் வரவில்லை. காலையிலிருந்து பெரியவர் சொன்ன பதினொரு மறுப்புகளும் "வில்லை"யில் முடிந்திருந்தன. பன்னிரண்டாவது மட்டும் "மாட்டார்". வாய்க்குப் பழகிய ஒரு தடத்தில் ஓடிக்கொண்டிருந்தவர் அங்கே மட்டும் ஏன் தடம் மாறினார்?

மாறியிருக்கலாம். மனிதர்கள் மாறுவார்கள். ஆனால் அவருடைய குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள், வரவில்லை. "எடுக்க" வரைக்கும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு பல்செட், மின்விசிறி, ஒன்றுமில்லை. சாட்சி சொன்னது கேட்கவில்லை என்றால் கையை உயர்த்தி "மறுபடி சொல்லச் சொல்லுங்க ஐயா" என்று கேட்கவேண்டும். ஆயிரம் முறை கேட்டிருக்கிறாள். இன்று ஏன் கேட்கவில்லை?

அப்போதுதான் அந்த நொடி முழுதாக ஞாபகத்துக்கு வந்தது. அவள் சாட்சியின் வாயைப் பார்க்கவே இல்லை. கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மடக்கிய கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வக்கீலம்மா "ஏதாவது எடுத்தாரா" என்று கேட்டதும், அவள் மனதுக்குள் ஒரு குரல், அவளுடைய சொந்தக் குரல், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சொன்னது: "ஆமாமா, இவரா? இவர் எடுக்கவே மாட்டாரே!"

அந்த மாட்டார் அவளுடையது. பெரியவருடைய வாயிலிருந்து விழாமல், அவளுடைய நக்கலிலிருந்து விழுந்து, விரல் வழியாகத் திரைக்குப் போயிருந்தது.

கமா அக்காவுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. பயம் என்று சொல்லலாம், வெட்கம் என்றும் சொல்லலாம், இரண்டும்தான். எட்டு வருடத்து விஷயம் ஒன்று தெரிந்திருந்த ஒரே குற்றத்துக்காக அவளுடைய காது செவிடாகிவிட்டது. இருபது வருடமாக எந்த விதியைப் பார்த்து "இது என்ன நியாயம்" என்று முணுமுணுத்தாளோ, அந்த விதி எதற்காக இருக்கிறது என்பதற்கு அவளே உதாரணமாக உட்கார்ந்திருந்தாள். ஒருவனைப் பற்றித் தெரிந்துவிட்டால், அதன் பிறகு அவன் விஷயத்தில் வேறெதுவும் காதில் ஏறாது. அவளுக்கே இந்தக் கதி என்றால் தீர்ப்பு எழுதுகிறவருக்கு?

ஆனாலும் பெரியவர் நிஜமாகவே "எடுக்க மாட்டார்" என்று சொல்லியிருந்தால்? அதுவும் நடக்கக்கூடியதுதான். தன் மேலேயே சந்தேகப்பட்டு, அந்தச் சந்தேகத்தின் மேலும் சந்தேகப்பட்டு, இரண்டரை மணிக்கு அவள் எழுந்து நின்றாள்.

"சொல்லுங்க அம்மா. சாட்சி சொன்னது என்ன?"

"ஐயா, 'எடுக்க' வரைக்கும் கேட்டேன். அதுக்கு மேல கேட்கலை. 'மாட்டார்'ங்கறதைச் சாட்சி சொன்னார்னு நான் சொல்ல முடியாது. கேட்காம அடிச்சிட்டேன்."

பெஞ்ச் கிளார்க் தலையில் கையை வைத்துக்கொண்டான். நீதிபதி புருவத்தைச் சுருக்கினார். "கேட்காத வார்த்தை எங்கேயிருந்து வந்தது?"

"என் மனசுல ஓடினது ஐயா."

"உங்க மனசுல அது ஏன் ஓடணும்?"

இதுதான் அவள் பயந்த கேள்வி. நேர்மையான பதில் ஒன்றே ஒன்று இருந்தது: இந்த ஆளை எனக்கு முன்பே தெரியும், தண்டனை பெற்றவன், தீர்ப்பை நான்தான் அடித்தேன். அதைச் சொன்னால் அவள் மேல் யாரும் விரல் நீட்டமுடியாது. ஆனால் அரசு வக்கீல் தட்டித் தட்டித் திறக்க முடியாத கதவை, அவள் ஒரே மூச்சில் திறந்து விட்டதாக ஆகும். பதில் சொன்னால் அவன் தொலைந்தான், சொல்லாவிட்டால் இவள். அரசு வக்கீல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லேன், சொல்லேன் என்பது போல் அவர் கண் இருந்தது.

"கவனக்குறைவு ஐயா," என்றாள்.

"வேற காரணம் இல்லையா?"

"இல்லீங்க ஐயா." சத்தியப் பிரமாணம் செய்யாமல் நின்றதற்கு அந்த நேரத்தில் அவள் நன்றி சொல்லிக்கொண்டாள்.

அரசு வக்கீல் பொறுக்கவில்லை. "ஐயா, இவங்க இருபது வருஷ சர்வீஸ். கமா ஒண்ணு தப்பினாலே கண்டுபிடிக்கிறவங்க. இந்தக் கட்டடத்துலேயே இவங்களை மாதிரி கவனமான ஆள் கிடையாது. இவங்க தப்பா அடிக்க மாட்டாங்க!"

நீதிபதி மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அவரை ஒரு கணம் பார்த்தார்.

"அடிக்க மாட்டாங்கங்கறது எனக்கு வேண்டாம். அடிச்சாங்களா இல்லையா? அடிச்சேன்னு அவங்களே சொல்றாங்க."

பிறகு அவர் குறிப்பு சொல்லச் சொல்ல, அவளே தட்டச்சு செய்தாள்: சாட்சியின் பதிலில் கடைசிச் சொல் சரியாகக் கேட்கப்படாமல் பதிவானதால் அது நீக்கப்படுகிறது, அதே கேள்வி நீதிமன்றத்தால் மீண்டும் கேட்கப்பட்டது. கடிகாரக்காரர் இந்த முறை பல்செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பொக்கை வாயால் தெளிவாகச் சொன்னார்: "எடுக்கலைங்க." நல்ல நடத்தைக்குச் சாட்சியம் எதுவும் தரப்படவில்லை, ஆகவே அதற்குப் பதில் சாட்சியத்துக்கும் இடமில்லை என்று அரசுத் தரப்பின் கோரிக்கை தள்ளுபடி செய்யப்பட்டது. நீதிபதிக்கு ஏதோ மோப்பம் தட்டியிருக்கும். ஆனால் மோப்பம் வேறு, தெரிவது வேறு. இவள் வாயால் தெரியவில்லை.

மறுநாளே தலைமை எழுத்தர் மெமோ கொடுத்தார். சாட்சி சொல்லாத வார்த்தையைப் பதிவு செய்ததற்கு மூன்று நாளில் விளக்கம் தரவேண்டும். அவள் "கவனக்குறைவு" என்று ஒரே வார்த்தையில் விளக்கம் எழுதினாள், கேட்டவர்களிடமும் அதையே சொன்னாள், அதற்கு மேல் மூச்சு விடவில்லை. காரணம் சொல்லாத தப்புக்கு ஊர் தானாகக் காரணம் கண்டுபிடிக்கும். அவள் டைப்பிஸ்ட் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. டீ கொண்டுவருகிறவர்கூட அவள் மேசையில் டம்ளரை வைத்துவிட்டு ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

வீட்டில் புருஷன் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "தப்பா நினைச்சுக்காதே. அந்தப் பக்கத்து ஆளுங்க யாராவது வந்து ஏதாவது கொடுத்தாங்களா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பதினெட்டு வருடமாக அவருடைய ஒவ்வொரு "இதோ வந்துட்டேன்"னையும் தராசில் போட்டவள் அவள். இப்போது தராசு அவர் கையில். கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. "இல்லைங்க," என்றாள். அவர் "சரி" என்றார். நம்பினாரா இல்லையா என்று அந்தச் "சரி"யிலிருந்து கண்டுபிடிக்கமுடியவில்லை.

ஐந்து வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அதையும் அவள்தான் தட்டச்சு செய்தாள், ஒவ்வொரு சொல்லாக, நீதிபதியின் வாயைப் பார்த்து. சாவி இருவரிடம் இருந்தது, லென்ஸ் மீட்கப்படவில்லை, குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை, விடுவிக்கப்படுகிறார். அவளுக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், அவன்தான் எடுத்திருப்பான் என்று தோன்றியது. அடுத்த வரியிலேயே, எனக்கு அப்படித் தோன்றாமல் வேறெப்படித் தோன்றும் என்றும் தோன்றியது. முதலாளியிடமும் ஒரு சாவி இருந்ததை அவள் இத்தனை மாதத்தில் ஒருமுறைகூட யோசித்துப் பார்த்ததில்லை.

வெளியே வராந்தாவில் மெக்கானிக்கின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் நீர். "அக்கா, அன்னைக்கு நீங்க எழுந்து நின்னு சொல்லலைன்னா என்ன ஆயிருக்குமோ. உங்களுக்கு மெமோ கொடுத்ததுகூடக் கேள்விப்பட்டேன் அக்கா. யாரு என்ன சொன்னா என்ன? இவர் அப்படிப்பட்டவர் இல்லைன்னு உங்களுக்காவது தெரிஞ்சுதே."

நான்கடி தள்ளி அவன் நின்றான். கமா அக்காவின் கண்ணும் அவன் கண்ணும் சந்தித்தன. அவனுக்கும் அவளை அடையாளம் தெரியும் என்பது அந்த நொடியில்தான் அவளுக்கு உறைத்தது. எட்டு வருடத்துக்கு முன்பும் அவன் கூண்டில் நின்றபோது கீழே உட்கார்ந்திருந்தது அவள்தானே? அவன் முகத்தில் கெஞ்சல் இருந்தது. மனைவிக்குப் பழையது எதுவும் தெரியாது என்று அந்த முகமே சொல்லிவிட்டது.

"சொல்லுங்க அக்கா," என்று அந்தப் பெண் அவள் கையை ஆட்டினாள். "உங்களுக்குத் தெரியும்தானே?"

ஒரு "ஆமாம்" சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் கேட்காத ஒரு வார்த்தையை ஒருமுறை அடித்துவிட்டுப் பட்ட பாடு போதும் என்றிருந்தது அவளுக்கு. பொய்யும் வேண்டாம், அந்தப் பழைய உண்மையும் வேண்டாம், இந்த வழக்கில் தெரிந்ததை மட்டும் சொல்லிவிட்டுப் போவோம் என்று நினைத்தாள்.

"அவர் எப்படிப்பட்டவர்னு எனக்குத் தெரியாதும்மா," என்றாள் மெதுவாக. "எடுத்தார்னு அவங்களால காட்ட முடியலை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அந்தப் பெண்ணின் பிடி தளர்ந்தது. வாயில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. மெல்லத் திரும்பி, புருஷனை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். கண்ணைக் கொஞ்சம் இடுக்கி, தலையைக் கொஞ்சம் சாய்த்து. இருபது வருடமாகக் கமா அக்கா உலகத்தைப் பார்த்துவந்த பார்வை அது, அச்சு அசலாக.